கால்வாசி உயரத்தில் கால்வாசி எண்ணெய் இருக்காது

படுக்கவைத்த உருளை டேங்கில் டிப் கம்பியை இறக்குகிறோம். டேங்கின் உட்புற விட்டம் 2 மீட்டர், நீளம் 5 மீட்டர், இரு முனைகளும் தட்டை என்று வைத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 15,708 லிட்டர். கம்பியில் 50 செ.மீ. நனைந்திருக்கிறது. உயரம் கால்வாசி என்பதால் எண்ணெயும் கால்வாசி, அதாவது 3,927 லிட்டர் என்று கணக்குப் போட்டால் தவறு. உள்ளே இருப்பது 3,071 லிட்டர்தான்.

டேங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். எண்ணெயின் மேல்மட்டம் அதில் ஒரு நாண். நாணுக்குக் கீழே உள்ள வட்டத்துண்டின் பரப்பை நீளத்தால் பெருக்கினால் கன அளவு வந்துவிடும். அந்தப் பரப்பை நேரடியாக அளக்க வழியில்லை. ஆனால் மையத்திலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்தால் ஒரு வட்டக்கோணப்பகுதி கிடைக்கும். அதிலிருந்து மையத்துக்கும் நாணுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தைக் கழித்தால் மீதி நமக்கு வேண்டிய துண்டு. ஆரம் R, ஆழம் h, நீளம் L என்றால்:

```
A = R²·acos((R−h)/R) − (R−h)·√(2Rh − h²)
V = A·L
```

முதல் உறுப்பு வட்டக்கோணப்பகுதி, இரண்டாவது முக்கோணம். நம் டேங்கில் R = 1, h = 0.5. acos(0.5) = 1.0472. வர்க்கமூலத்தின் மதிப்பு 0.8660, அதை 0.5-ஆல் பெருக்கினால் 0.4330. கழித்தால் A = 0.6142 சதுர மீட்டர். 5 மீட்டரால் பெருக்க 3.071 கன மீட்டர்.

பாதிக்கு மேல் நிரம்பினால் வேறு சூத்திரம் தேவையில்லை. அப்போது R−h எதிர்மறையாகிறது. கழிக்கும் முக்கோணம் தானாகவே கூட்டப்படுகிறது.

கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் 1.0472-க்குப் பதில் 60 வரும், விடை 2,97,000 லிட்டரைத் தாண்டும். அந்தப் பிழை உடனே கண்ணில் படும். எக்செலில் ACOS ரேடியனிலேயே தருவதால் இந்தத் தொல்லை இல்லை. B1-இல் ஆரம், B2-இல் நீளம், A5-இல் ஆழம், எல்லாம் மீட்டரில். விடை லிட்டரில் வரும்:

```
=1000*B2*(B1^2*ACOS((B1-A5)/B1)-(B1-A5)*SQRT(2*B1*A5-A5^2))
```

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது மொத்த லிட்டர் அல்ல. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதுதான். அது எண்ணெய் மேல்மட்டத்தின் அகலத்தைப் பொறுத்தது: அகலம் 2√(2Rh − h²). நடு உயரத்தில் அகலம் முழு 2 மீட்டர், எனவே 1 செ.மீ. என்பது 100 லிட்டர். 20 செ.மீ. ஆழத்தில் அகலம் 1.2 மீட்டராகக் குறுகி, 1 செ.மீ. என்பது 60 லிட்டராகிறது. அடியில் 2 செ.மீ. மட்டும் இருக்கும்போது 20 லிட்டர்தான். ஆகவே கம்பியை ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் லிட்டர் கணக்கில் பெரிய பிழை வருவது டேங்க் பாதி நிரம்பியிருக்கும்போதுதான்.

அளவுகளில் வழக்கமாக நேரும் தவறு, வெளிவிட்டத்தை எடுத்துக்கொள்வது. 6 மி.மீ. தகடு என்றால் வெளிவிட்டம் 2.012 மீட்டர்; முழு டேங்கில் 189 லிட்டர் கூடுதலாகக் காட்டும். முனைகள் தட்டையாக இல்லாமல் குவிந்திருந்தால் அவற்றின் கொள்ளளவைத் தனியே சேர்க்க வேண்டும். இரண்டும் அரைக்கோளங்கள் என்றால் சேர்ந்து ஒரு முழுக்கோளம். h ஆழத்தில் அதன் பங்கு πh²(3R−h)/3.

இவற்றைவிட ஏமாற்றுவது சாய்வு. 5 மீட்டர் நீளத்தில் ஒரு முனை 5 செ.மீ. தாழ்ந்திருந்தால், தாழ்ந்த முனையில் இறக்கும் கம்பி நடுவில் இருப்பதைவிட 2.5 செ.மீ. அதிகம் காட்டும். டேங்க் பாதி நிரம்பியிருக்கும்போது அது 250 லிட்டர். நடுவில் டிப் எடுத்தால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும், அடி முழுவதும் எண்ணெய் மூடியிருக்கும்வரை.

சரிபார்க்க, ஃப்ளோ மீட்டரில் அளந்து 1,000 லிட்டர் ஊற்றி, கம்பி எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நம் டேங்கில் 50 செ.மீ.-இல் தொடங்கினால் 11.2 செ.மீ. ஏற வேண்டும், 20 செ.மீ.-இல் தொடங்கினால் 14.6 செ.மீ. இரண்டு இடத்திலும் ஒரே விகிதத்தில் விலகினால் நீளத்தை மறுபடி அளக்க வேண்டும். நடுப்பகுதியில் பொருந்தி, அடியில் மட்டும் சில மில்லிமீட்டர் விலகினால் கம்பியின் பூஜ்யக்குறி டேங்கின் அடிமட்டத்தோடு பொருந்தவில்லை என்று பொருள்: கம்பி வண்டலின் மேல் நிற்கலாம், அல்லது அது இறங்கும் குழாய் உச்சிக்கோட்டிலிருந்து விலகியிருக்கலாம்.