ஹமார்தியா: தமிழில் ‘வழு’

கதைப்பட்டறைகளில் ‘ஹமார்தியா’ என்ற கிரேக்கச் சொல் அடிக்கடி காதில் விழும். நாயகனை வீழ்த்தும் குறை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கேட்ட கையோடு வீட்டுக்குப் போய் நாயகனுக்கு ஒரு குடிப்பழக்கத்தையோ முன்கோபத்தையோ மாட்டிவிடுவோம். சட்டையில் பொத்தான் தைப்பது போலத்தான். கதையில் ஒன்றும் மாறியிருக்காது. கோளாறு, சொல்லைப் புரிந்துகொண்ட இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஹமார்தியாவின் வினைவடிவத்துக்கு முதற்பொருள் ‘குறி தவறுதல்’. எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போவதை ஹோமரின் காவியத்தில் இந்த வினைதான் சொல்கிறது. எறிந்தவன் கெட்டவன் என்ற குறிப்பே அதில் இல்லை. அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் இயலில் இதைக் கதைக்குள் கொண்டுவருகிறார். முழு நல்லவன் நிலைகுலைந்து விழுந்தால் நமக்கு இரக்கமோ அச்சமோ வராது, அருவருப்புதான் வரும் என்கிறார். முழுக் கெட்டவன் விழுந்தாலும் இரக்கம் வராது. நடுவில் நிற்கிற ஒருவன், கயமையால் அல்லாமல் ஒரு ஹமார்தியாவால் விழவேண்டும். அச்சம் என்பது நம்மைப் போன்றவனுக்கு நேரும்போது வருவது என்ற அவருடைய கணக்கை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விவிலியத்தின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இதே சொல் ‘பாவம்’ என்ற பொருளில் வழங்கியது. குறி தவறியது குணக்கேடாகத் தெரியத் தொடங்கியதற்கு அந்த நிழலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அரிஸ்டாட்டில் சொன்னது செயலில் நேர்ந்த பிழையா, குணத்தில் உள்ள குறையா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். எழுதுகிறவனுக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவைப்படாது. எறிகிற கை என்ற படம் போதும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘குறை’ என்றால் ஏதோ ஒன்று இல்லாமை. ‘குற்றம்’ என்றதும் நீதிமன்றம் வந்துவிடும். ‘பலவீனம்’ மருந்துச்சீட்டில் எழுதுகிற சொல் மாதிரி இருக்கிறது. எனக்குப் பொருந்தித் தெரிவது ‘வழு’. வழுவுதல், வழுக்குதல் எல்லாம் அதன் கூட்டம். நேராக நடந்துகொண்டிருந்த கால் சறுக்குவது. ஹமார்தியாவைப் போலவே இதிலும் ஓர் அசைவு இருக்கிறது.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நம் இலக்கணம் வழுவோடு நின்றுவிடவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிழையில்லாத தொடர் வழாநிலை, பிழையானது வழு, பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. தொல்காப்பியத்திலேயே இந்தப் பேச்சு உண்டு. நன்னூல் அதைக் கச்சிதமாகச் சொல்கிறது:

உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும்
இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே

மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு இவற்றால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்பது பொருள். இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு, ஒருவன் தன் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது. அஃறிணையை உயர்திணையாக்கியது வழு. உவப்பில் சொன்னதால் வழுவமைதி. எங்கள் தோட்டத்துக் கட்டுத்தறியில் நாள்தோறும் இந்த வழு நடக்கிறது. ‘லட்சுமி இன்னும் தண்ணி குடிக்காம நிக்கறாளுங்க’ என்றால் யாரும் திருத்துவதில்லை. நன்னூல் செய்த பவணந்தி பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்குநாட்டில் உரிமையோடு சொல்வோம். மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.

குறையே இல்லாத நாயகன் ஏன் சலிக்கிறான் என்பதற்கு இந்த மூன்று சொற்களிலேயே விடை இருக்கிறது. அவன் வழாநிலைத் தொடர். அப்படிப்பட்ட தொடரை நின்று பார்க்க ஒருவருக்கும் காரணமில்லை. அவன் முன்னால் பணக்கட்டை வைத்தால் தள்ளிவிடுவான் என்று கட்டு மேசைக்கு வருமுன்பே நமக்குத் தெரியும். மீதிப் பக்கத்தை எதற்குப் படிப்பது? சும்மா ஒட்டவைத்த குடிப்பழக்கமோ வெறும் வழு. காரணமில்லாததால் படிக்கிறவர் மனம் அதை ஏற்பதில்லை. நமக்கு வேண்டியது வழுவமைதி.

சோமனூர்க்கார நண்பர் ஒருவரின் நாவல் வரைவைப் படித்தபோது இது எனக்கு விளங்கியது. நாயகன் பழனிச்சாமிக்கு 12 விசைத்தறி. உற்பத்தியாளரிடம் பாவு நூலும் ஊடை நூலும் வாங்கி, துணியாக நெய்துகொடுத்துக் கூலி பெறுகிறவன். கூலி உயர்வுப் போராட்டத்தில் முன்னால் நிற்பான், காசு வாங்கமாட்டான், சொன்ன சொல் மாறமாட்டான். நாற்பதாவது பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. சொன்னேன். அடுத்த வரைவில் அவனுக்கு முன்கோபம் வந்திருந்தது. இரண்டு இடத்தில் டம்ளரை வீசினான். அந்த இரண்டு இடத்தையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தோம். கதை அப்படியே நின்றது. வழு ஒட்டவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

பிறகு அவனுடைய நல்ல குணத்தையே திருப்பிப் பார்த்தோம். சொல்லை அவ்வளவு மதிக்கிறவனுக்கு, அடுத்தவர் சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குவது கூச்சமாக இருக்காதா? அதிலும் உறவுக்காரரிடம்? அங்கே பிடி கிடைத்தது. பழனிச்சாமி கணக்குக் கேட்க வெட்கப்படுகிறவன். அதற்கு வெட்கம் என்றுகூட அவன் பெயர் வைக்கமாட்டான், மரியாதை என்பான். இது நன்னூல் சொல்கிற ‘உயர்வு’. உறவை உயர்த்தி வைத்ததால் வந்த சறுக்கல்.

நண்பர் இதை மூன்று இடத்தில் வைத்தார். தொடக்கத்தில், சந்தையில் தக்காளி வாங்கிய மீதிச் சில்லறையை எண்ணாமல் சட்டைப்பையில் போடுகிறான். நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது. நடுவில், மச்சான் வழியாக நான்கு பாவுக்கான துணி வெளியே போகிறது.

‘சீட்டு ஒண்ணு போட்டுக்கலாமுங்களா மாப்ள?’ என்று மச்சானே கேட்கிறார்.

‘அட உடுங்க மச்சான், நமக்குள்ள என்ன சீட்டு’ என்று காப்பியை ஆற்றிக் கொடுக்கிறான் பழனிச்சாமி.

இங்கே நமக்கு அவன்மேல் எரிச்சல் வருகிறது. அவனுக்குத் தெரியுமுன் நமக்குத் தெரிந்துவிட்டது. நண்பரின் முதல் எழுத்தில் மச்சான் திருட்டுமுழியோடு வந்தார். அதை மாற்றச் சொன்னேன். ஏமாற்றுக்காரர் என்றால் தவறு முழுவதும் அவர் தலையில் போய்விடும், பழனிச்சாமி மறுபடியும் வழாநிலைக்கு ஏறிக்கொள்வான். சீட்டை மச்சானே கேட்டு, இவன் வேண்டாம் என்றதால்தான் எறிந்த கை இவனுடையதாகிறது.

மூன்றாவது இடம், அந்தத் துணிக்குக் கூலி வராத மாதம். இழப்பு அவனோடு நின்றால் அது தியாகமாகிவிடும், நாயகனுக்கு இன்னொரு மாலை. அதனால் தறி ஓட்டுகிற பெண்ணுக்குக் கொடுக்கவேண்டிய பணம் நிற்கிறது. அவள் வாசலில் நின்று, ‘நீங்க வாய்ல சொன்னீங்கன்னுதானுங்க நானும் எழுதி வாங்கல’ என்கிறாள். அவன் பெருமையாக வைத்திருந்த குணம் அவள் வாயிலிருந்து திரும்பி வருகிறது. அந்த வரியை அடித்துவிட்டால் கதை நிற்காது, அடித்துப் பார்த்தோம்.

இதற்கும் எல்லை உண்டு. மனைவி, நண்பர், கதைசொல்லி என்று எல்லோரும் சேர்ந்து ‘பாவம், நல்ல மனசு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வழுவமைதியை எழுத்தாளரே வழங்கிவிட்டார் என்று பொருள்; படிக்கிறவருக்கு வேலையில்லை. நண்பரின் வரைவில் அப்படி ஏழு இடம் இருந்தது. ஆறை எடுத்துவிட்டார். ஏழாவது அவனுடைய அம்மா சொல்வது. அதை எடுக்க மாட்டேன் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.