கல்யாணப் பத்திரிகைப் படத்தைக் காலண்டரில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

கல்யாணப் பத்திரிகை இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வருகிறது. வந்தவுடன் பார்த்துவிட்டு "கட்டாயம் வர்றோம்" என்று பதில் போடுகிறோம். அப்புறம் அது குட்மார்னிங் படங்களுக்குக் கீழே எங்கோ போய்விடுகிறது. போன் காலண்டரில் ஏற்றி வைப்பது நல்ல வழக்கம். ஆனால் தப்பாக ஏற்றினால், ஏற்றாமல் இருப்பதைவிட அது மோசம். காலண்டரில் இருக்கிறது என்ற தைரியத்தில் பத்திரிகையை மறுபடி எடுத்தே பார்க்க மாட்டோம்.

அச்சகத்தில் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். மண்டபத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனவர்கள், மணமகன் வீட்டு வாசலில் போய் நின்றவர்கள் பற்றியெல்லாம் வாடிக்கையாளர்கள் வந்து சொல்வார்கள். பெரும்பாலும் அச்சில் பிழை இருக்காது. படத்திலிருந்து காலண்டருக்குப் போகிற வழியில்தான் பிழை நுழைந்திருக்கும்.

ஒரு பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். தேதி வரி இப்படி இருக்கிறது: "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 19ஆம் தேதி (4.9.2025) வியாழக்கிழமை, வளர்பிறை துவாதசி திதியும் உத்திராட நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 7.30 மணிக்கு மேல் 8.30 மணிக்குள் கன்னி லக்னத்தில்..."

இந்தப் படத்தை கூகுள் லென்ஸில் திறந்தால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கலாம். தேதியை அடையாளம் கண்டால், காலண்டரில் சேர்க்கவா என்று சில போன்கள் தாமாகவே கேட்கும். சேர்க்கச் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள். போனின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 4.9.2025 என்பது ஏப்ரல் 9 ஆகிவிட வாய்ப்பு உண்டு. அங்கே மாதத்தை முதலிலும் தேதியைப் பின்னாலும் எழுதுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்திரிகையிலேயே வழி இருக்கிறது. நம் பத்திரிகை ஒரே நாளை மூன்று விதமாகச் சொல்கிறது: தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் 9, 2025 புதன்கிழமை. பத்திரிகையில் வியாழன் என்று இருக்கிறது, ஆகவே தப்பு. கிழமை தற்செயலாக ஒத்துப்போய்விட்டால் தமிழ் மாதத்தைப் பாருங்கள். தமிழ் மாதங்கள் எல்லாமே ஆங்கில மாதத்தின் நடுவில், 13ஆம் தேதிக்கும் 18ஆம் தேதிக்கும் இடையில் பிறப்பவை. 2025இல் ஆவணி 1 ஆகஸ்ட் 17 அன்று வந்தது. அதிலிருந்து பதினெட்டு நாள் தள்ளினால் ஆவணி 19, அதாவது செப்டம்பர் 4. ஏப்ரல் 9 பங்குனியில் வரும், ஆவணிக்குப் பக்கத்தில்கூட வராது. தினசரிக் காலண்டர் வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கும் வேண்டாம், அந்தத் தாளைப் புரட்டினாலே போதும்.

இந்தச் சரிபார்ப்பு எண்கள் தப்பாகப் படிக்கப்பட்டதையும் காட்டிக்கொடுக்கும். மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் எழுத்து நேரில் பார்க்க அழகு. அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தால் பாதி எழுத்து மின்னும், பாதி இருண்டு கிடக்கும். 1 என்பது 7 ஆகும், 3 என்பது 8 ஆகும். நாலைந்து குழுக்கள் வழியாகச் சுற்றி வந்த படம் என்றால் ஓரங்கள் வேறு மங்கியிருக்கும். அனுப்பியவரிடம் அதையே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் தரம் குறையாமல் வரும். சில குடும்பங்கள் திருவள்ளுவர் ஆண்டையும் போடுவார்கள். 2025க்கு அது 2056. அந்த எண்ணை வருடமாக எடுத்துக்கொண்டால் கல்யாணம் முப்பத்தொரு வருடம் தள்ளிப் போய்விடும்.

அச்சகத்திலிருந்து வந்த பி.டி.எஃப் கோப்பு உங்களிடம் இருந்தாலும் அதிலிருந்து எழுத்தை நகல் எடுத்து ஒட்ட முயலாதீர்கள். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. பாமினி எழுத்துருவில் அமைத்த "திருமணம்" என்ற சொல்லை ஒட்டினால் `jpUkzk;` என்று வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை, உள்ளே இருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படமாகவே லென்ஸில் படிப்பது நல்லது.

அடுத்து நேரம். "7.30 மணிக்கு மேல் 8.30 மணிக்குள்" என்றால் தொடக்கம் 7.30, முடிவு 8.30. அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தாலி கட்டுவார்கள். போன் சில சமயம் இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த 8.30க்குப் போனால் பந்திக்குத்தான் உட்கார முடியும்.

அதிகாலை முகூர்த்தத்தில்தான் அதிகக் குழப்பம். "4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்" என்று இருந்து, பக்கத்தில் உள்ள "விடியற்காலை" என்ற சொல்லைப் போன் விட்டுவிட்டால், மாலை 4.30 என்று பதிவாகலாம். இன்னொன்றும் உண்டு. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும். வியாழக்கிழமை விடியற்காலை 4.30 பஞ்சாங்கப்படி இன்னும் புதன்கிழமைதான். அதனால் சில பத்திரிகைகளில் "புதன்கிழமை பின்னிரவு, விடிந்தால் வியாழக்கிழமை" என்று இருக்கும். காலண்டரில் வியாழக்கிழமை என்றுதான் போட வேண்டும். இந்த மாதிரி வரி கண்ணில் பட்டால் நீங்களாகக் கணக்குப் போடாமல், வீட்டுக்காரர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஜோதிடம் பார்த்து நாள் குறித்த குடும்பம் என்றால், நேரத்தைச் சரிபார்க்க ராகு காலமும் எமகண்டமும் உதவும். வியாழக்கிழமை எமகண்டம் 6 மணியிலிருந்து 7.30 வரை. நம் பத்திரிகை 7.30க்கு மேல் என்று தொடங்குவது அதோடு பொருந்துகிறது. அதே 7.30–8.30 திங்கட்கிழமையில் விழுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும், திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம். அந்த நேரத்தில் தாலி கட்ட எந்த ஜோசியரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஒன்று கிழமை தப்பு, இல்லை மணி தப்பு. சுயமரியாதைத் திருமணத்துக்கும் தேவாலயத் திருமணத்துக்கும் நிக்காஹ்வுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றுக்குத் தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்பதே போதும்.

ஒரு பத்திரிகைக்கு ஒரு பதிவு என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் வரவேற்பு பெரும்பாலும் முதல் நாள் மாலை. நம் பத்திரிகையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் "வரவேற்பு: 3.9.2025 புதன்கிழமை மாலை 6.30 மணி முதல்" என்று இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களில் பலர் வரவேற்புக்குத்தான் போவார்கள். நடுவில் பெரிதாக இருக்கும் முகூர்த்தத் தேதியை மட்டும் ஏற்றிவிட்டு, அன்று மாலை வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு போனால், மண்டபத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடுங்கள். கல்யாணம் முடிந்து வேறு ஊரில் வரவேற்பு வைப்பவர்களும் உண்டு, அப்போது இடமும் மாறும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரு பத்திரிகையில் மூன்று நான்கு முகவரிகள் இருப்பது சாதாரணம். மணமகன் வீடு, மணமகள் வீடு, அழைப்பவரின் முகவரி, கடைசியில் மண்டபம். வீட்டு முகவரிகளில் கதவு எண்ணும் பின்கோடும் முழுதாக இருக்கும். மண்டபத்துக்குப் பெயரும் சாலையும் ஊரும் மட்டும் இருக்கும். முழு முகவரியாகத் தெரிவதைத்தான் போன் எடுத்துக்கொள்ளும், அதுதான் மணமகன் வீட்டு வாசலில் போய் நிற்க வைக்கிறது. "இடம்:" என்ற சொல்லுக்கு அடுத்து என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். தாலி கட்டுவது கோயிலில், விருந்து மண்டபத்தில் என்றால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சாமி பெயரில் ஒரே ஊரில் இரண்டு மூன்று மண்டபங்கள் இருக்கும், ஆகவே சாலையின் பெயர் இல்லாமல் மேப்பில் தேடாதீர்கள். பத்திரிகையில் க்யூஆர் கோடு இருந்தால் அதை ஸ்கேன் செய்து, அது காட்டும் சாலையும் அச்சில் உள்ள சாலையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நேர மண்டலத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். துபாயில் இருப்பவர் பத்திரிகையைப் பார்த்துக் காலை 7.30 என்று பதிகிறார். போன் அதைத் துபாய் நேரமாக எடுத்துக்கொள்ளும். அவர் கும்பகோணம் வந்து பார்க்கும்போது அதே பதிவு 9.00 மணி என்று காட்டும். முகூர்த்தம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பதியும்போதே நேர மண்டலத்தில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சரி.

எங்களிடம் பத்திரிகை அடிக்கிறவர்கள் கேட்டால், படத்தோடு ஒரு காலண்டர் கோப்பும் செய்து கொடுக்கிறோம். வாங்குபவர் அதைத் தொட்டால் போதும், தட்டச்சு செய்யவோ லென்ஸில் படிக்கவோ வேண்டியதில்லை. நம் பத்திரிகைக்கு அது இப்படி இருக்கும்:

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//pathirikai//ta
BEGIN:VEVENT
UID:20250904-muhurtham@pathirikai
DTSTAMP:20250801T000000Z
DTSTART:20250904T020000Z
DTEND:20250904T030000Z
SUMMARY:மாமா மகள் திருமணம் - முகூர்த்தம்
LOCATION:மண்டபத்தின் பெயர்\, சாலை\, கும்பகோணம்
END:VEVENT
END:VCALENDAR
```

இதை நோட்பேடில் அடித்து, பெயரின் முடிவில் `.ics` என்று வைத்துச் சேமித்தால் ஆயிற்று. மணி 02:00 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கடைசியில் உள்ள Z அது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் அது வரும். இப்படி எழுதினால் துபாய்க்காரர் போனிலும் சிங்கப்பூர்க்காரர் போனிலும் அதே முகூர்த்தம் அவரவர் ஊர் நேரத்தில் சரியாக விழும். வரவேற்புக்கு இதே போல இன்னொரு `VEVENT` சேர்க்க வேண்டும், வேறு `UID` உடன். அதன் தொடக்கம் `20250903T130000Z`.

நினைவூட்டலை மறக்காமல் மாற்றுங்கள். கூகுள் காலண்டர் தானாக வைப்பது அரை மணி நேரத்துக்கு முன். திருச்சியிலிருந்து கும்பகோணம் போக அது எந்த மூலைக்கு? ஒரு வாரம் முன்னால் ஒன்று, முதல் நாள் காலை ஒன்று என்று வைத்தால் டிக்கெட்டும் எடுக்கலாம், மொய்க்கவரும் வாங்கி வைக்கலாம்.

கடைசியாக, பத்திரிகை என்ற பெயரில் வரும் கோப்பு `.apk` என்று முடிந்தால் தொடவே தொடாதீர்கள். பத்திரிகை படமாக வரலாம், பி.டி.எஃப் ஆக வரலாம், `.ics` ஆக வரலாம். `.apk` என்பது போனில் நிறுவப்படும் செயலி. கல்யாண அழைப்பிதழ் என்று சொல்லி இப்படி அனுப்பி, போனில் வரும் ஓடிபி குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நம் நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம், அவர் போனே ஏற்கெனவே அப்படி மாட்டியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டுப் பேசி, பத்திரிகையைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள்.