மணல் கடிகாரத்தைத் திருப்பினால் எவ்வளவு மிச்சம்?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். போட்டித் தேர்வுப் பயிற்சியில் ஒரு கணக்கு அடிக்கடி வரும். 7 நிமிட மணல் கடிகாரம் ஒன்று, 4 நிமிடக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. சரியாக 9 நிமிடம் அளக்க வேண்டும், எப்படி?

பெரும்பாலான பிள்ளைகள் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். "7 கழித்தல் 4 மூணு, மூணு மூணு ஒம்போது சார்" என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். கூட்டல் சரிதான். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை மூன்று முறை எங்கே எடுப்பாய் என்று கேட்டதும் நின்றுவிட்டாள். மணல் கடிகாரம் எண்ணைக் காட்டாது. மணல் தீரும் அந்த ஒரு நொடியைத்தான் காட்டும். இடையில் எவ்வளவு ஓடியது என்பதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது.

அதனால் நாங்களே இரண்டு கடிகாரம் செய்தோம். தண்ணீர் பாட்டில் மூடிகளை முதுகோடு முதுகாக ஒட்டி, ஆணியால் துளை போட்டு, மாவுச் சல்லடையில் சலித்துக் காயவைத்த மணலை நிரப்பினோம். மணலைக் கூட்டிக் குறைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்து 7, 4 நிமிடத்துக்குக் கொண்டுவந்தோம்.

முதலில் இரண்டையும் ஒன்றாகக் கவிழ்க்க வேண்டும். 4-ஆம் நிமிடம் சிறியது தீர்ந்ததும் அதை உடனே திருப்ப வேண்டும். 7-ஆம் நிமிடம் பெரியது தீரும். அப்போது சிறியதில் 3 நிமிட மணல் இறங்கியிருக்கும், 1 நிமிடம் மேலே மிச்சம். அதைத் தொடாமல் பெரியதை மட்டும் திருப்ப வேண்டும். 8-ஆம் நிமிடம் சிறியது தீரும். பெரியதில் இப்போது 1 நிமிட மணல் கீழே, 6 நிமிட மணல் மேலே.

இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "மேலே 6 இருக்கே சார், எப்படி 1 வரும்?" என்கிறார்கள். பெரியதை இன்னொரு முறை திருப்பிக் காட்டினேன். கீழே கிடந்த அந்த 1 நிமிட மணல் இப்போது மேலே வந்துவிட்டது. அது இறங்கி முடியும்போது 9 நிமிடம். அதுவரை ஓடியது எவ்வளவோ, திருப்பியதும் அதுதான் மிச்சம். பாட்டிலைக் கையில் பிடித்துத் திருப்பிய பிள்ளைக்கு இதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மணலுக்குப் பதில் தண்ணீர் வைத்தால் இந்த வித்தை பலிக்காது. மணல் இறங்கும் வேகத்தைப் பெரும்பாலும் துளையின் அளவுதான் தீர்மானிக்கிறது, மேலே உள்ள மணலின் உயரம் அல்ல. அதனால் மேலே நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும் துளை வழியாக ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். தண்ணீர் அப்படியில்லை, மட்டம் குறையக் குறைய வேகம் குறையும். நேரான சுவருள்ள, காற்றுப் போக வழியுள்ள 7 நிமிடத் தண்ணீர்ப் பாத்திரத்தில் முதல் நிமிடம் இறங்கிய தண்ணீரை மட்டும் திரும்ப இறக்கினால், கணக்குப்படி ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும்.

எங்கள் முதல் முயற்சியில் 9 நிமிடம் சரியாக வரவில்லை. சிறிய பாட்டில் ஒரு பக்கம் கவிழ்த்தால் 4 நிமிடத்தில் தீர்ந்தது, மறுபக்கம் கவிழ்த்தால் நேரம் கூடியது. ஆணி குத்திய இடத்தில் பிளாஸ்டிக் ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் சரியானது. ஆகவே செய்பவர்கள் இரண்டு பக்கமும் கவிழ்த்து நேரம் பாருங்கள். மழை நாளில் மணல் ஈரம் வாங்கிவிடும், துளையில் நின்று நின்று விழும். அன்றைக்கு அந்தப் பாட்டிலை நம்ப வேண்டாம்.

வழிகாட்டி நூல் விடைகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். 7-ஆம் நிமிடத்தில் சிறியதில் 1 நிமிடம் மிச்சம் இருக்கிறதல்லவா? அங்கிருந்து எண்ணத் தொடங்கி 1, 4, 4 என்று ஓடவிட்டாலும் 9 வரும். அளவு சரிதான், ஆனால் முதல் 7 நிமிடம் வீணாகக் காத்திருக்க வேண்டும், மொத்தம் 16 நிமிடம் ஆகும். "தொடக்கத்திலிருந்தே" என்று கேள்வியில் இருந்தால் இந்த விடை பொருந்தாது.

அதே மாணவி அப்புறம் கேட்டாள், "5 நிமிஷம் வருமா சார்?" தொடக்கத்திலிருந்தே என்றால் வராது. முதல் மணல் தீர்வது 4-இல், அதற்கு அடுத்தது எப்படிப் பார்த்தாலும் 7-க்கு முன்னால் கிடையாது. நடுவில் 5 என்று காட்ட எதுவும் தீராது. ஆனால் 7-ஆம் நிமிடத்தில் முட்டையைக் கொதிநீரில் போட்டு, சிறியதில் மிச்சமிருக்கும் 1 நிமிடம் தீர்ந்ததும் அதைத் திருப்பினால், 12-ஆம் நிமிடத்தில் எடுக்கலாம், சரியாக 5 நிமிடம். 4-உம் 6-உம் இருந்தால் இதுவும் முடியாது. எல்லாம் இரட்டைப்படை நிமிடத்தில்தான் தீரும், எத்தனை முறை திருப்பினாலும் ஒற்றைப்படை வராது.