கார்ட்டிசால் ரிப்போர்ட்டோடு வருபவர்களுக்கு

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, மன அழுத்த ஹார்மோன் என்று சொல்லப்படும் கார்ட்டிசாலுக்குக் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையின் அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள தங்கச்சிமடம் பக்கத்தைச் சேர்ந்த, முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பெண். அளவு டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் என்று அச்சாகியிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, "கார்ட்டிசால் ஏறிப்போச்சு டாக்டர், இதைக் குறைக்க ஏதாவது கொடுங்க" என்றார். எண்ணூறு ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தார். அந்த அறிக்கையில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு இருந்தது அவருடைய இரவுகளில். அதைப் பற்றி அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதுதான் என்னை அதிகம் சோர்வடையச் செய்கிறது. கார்ட்டிசால் உடம்பில் சேரும் நஞ்சு அல்ல. அது இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலிலேயே உயிர் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பின்னிரவில் 2 அல்லது 3 மணிக்குமேல் மெல்ல ஏறத் தொடங்கி, கண் விழித்த அரை மணி நேரத்தில் இன்னும் ஒரு படி உயர்ந்து உச்சத்தைத் தொடும். பிறகு இறங்கிக்கொண்டே வந்து, நள்ளிரவில் ஆழ்ந்து தூங்கும்போது 2-க்கும் கீழே போய்விடும். காலை 8 மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 25 வரை இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை சற்று மாறும். எனவே காலையில் 19 என்பது, படுக்கையை விட்டு எழுந்து நாளைத் தொடங்க உடம்பு தயாராகிவிட்டது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒருவருக்கு எவ்வளவு மன அழுத்தம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நீண்டகால அழுத்தத்தில் இருப்பவர்கள் பலருக்குக் காலை அளவு முற்றிலும் இயல்பாகவே இருக்கும். மாலையில் இறங்க வேண்டியது சரியாக இறங்காமல் நிற்பதுதான் அவர்களில் பலரிடம் காணப்படும் மாற்றம். சிலருக்குக் காலை உச்சமே மழுங்கியிருப்பதும் உண்டு.

கார்ட்டிசால் உண்மையிலேயே நோயாகும் அளவுக்கு உயர்வது வேறு கதை. முகம் உருண்டையாவது, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுவது, தரையிலிருந்து எழ முடியாமல் தொடைகள் பலமிழப்பது, லேசாகத் தட்டினாலே தோல் கன்றிப்போவது ஆகியவை அதன் அறிகுறிகள். அதைக் கண்டுபிடிக்க வேறு வகைப் பரிசோதனைகள் இருக்கின்றன. இந்தக் கரையோரத்தில் அத்தகைய முகத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, மூட்டுவலிக்கோ உடம்பு தேறவோ யாராவது பெயர் சொல்லாத சின்ன மாத்திரை கொடுத்தார்களா என்பதைத்தான். அது கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டாக இருந்தால் தூக்கத்தையும் கெடுக்கும். அப்படிச் சாப்பிட்டு வந்தவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இனி அந்தப் பெண்ணின் இரவுகளுக்கு வருகிறேன். அவருடைய கணவர் விசைப்படகில் செல்பவர். மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு திங்கள், புதன், சனி என்று படகு போகும். மறுநாள் காலையில் திரும்பும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சில மாதங்கள் இலங்கைச் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போதும் அதே கடலுக்குத்தான் போகிறார். படகு கிளம்பிய இரவுகளில் இந்தப் பெண் கைப்பேசியை மார்மேல் வைத்துக்கொண்டு படுக்கிறார். இதுவரை யாருக்கும் வியப்பிருக்காது. ஆனால் கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளிலும் அவருக்குத் தூக்கமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுவதும், படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தபோதும், அவருக்கு இரவு 3 மணிக்கு விழிப்பு வந்தது. "கண்ணு மூடுது டாக்டர், உள்ள ஏதோ ஒண்ணு முழிச்சுக்கிட்டே கிடக்கு" என்றார். நான் படித்த பாடநூல்கள் எதிலும் இவ்வளவு துல்லியமான விவரிப்பு இல்லை.

கணவருக்கும் மனைவிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். கடலில் திடீரென்று காற்று மாறி வலை சிக்கிக்கொண்டால், கணவரின் உடம்பு நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ஈரலிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் இறங்குகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இலேயே விரிவாக எழுதினார். அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதன் பின்னால் வரும் கார்ட்டிசால் இருபது, முப்பது நிமிடங்களில் உச்சத்தை எட்டி, ஓரிரு மணி நேரத்தில் வடியும். அவர் கயிற்றை இழுக்கிறார், கத்துகிறார், வலையை மீட்கிறார், ஆபத்து முடிந்துவிடுகிறது. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார். மனைவிக்கோ இழுக்கக் கயிறும் இல்லை, ஆபத்து முடிந்தது என்று சொல்லும் கணமும் இல்லை. தொடக்கமும் முடிவும் உள்ள ஆபத்துக்காக அமைந்த ஏற்பாட்டை அவருடைய உடம்பு இரவு முழுவதும் குறைந்த விசையில் ஓட்டிக்கொண்டே இருக்கிறது. மாதக்கணக்கில் அப்படி ஓடினால், மாலையில் அதை அணைக்க வேண்டிய மூளைப் பகுதிகளே அந்தக் கட்டளைக்குச் சரியாக இணங்காமல் போகின்றன.

அந்த 3 மணி விழிப்புக்கும் காரணம் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் பாதியில், கார்ட்டிசால் அடிமட்டத்தில் இருக்கும்போது நிகழ்கிறது. பின்னிரவில் தூக்கம் இயல்பாகவே மெல்லியதாகும். கார்ட்டிசாலும் ஏறத் தொடங்கும். விழிப்பு மையங்கள் ஏற்கெனவே சூடாக இருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒரு நாய் குரைத்தாலும் போதும். விழித்தவர் மணி பார்க்கிறார், கைப்பேசியைத் திறக்கிறார், கவலை தொடர்கிறது. தூக்கம் குறைந்த மறுநாள் மாலையில் கார்ட்டிசால் இன்னும் மெதுவாகவே இறங்குகிறது. சில மாதங்களில் பாயும் தலையணையுமே விழித்திருப்பதற்கான இடம் என்று மூளை பழகிக்கொள்கிறது. தடைக்காலத்திலும் அவர் தூங்காததற்குக் காரணம் இதுதான். காரணம் கரைக்கு வந்த பிறகும் பழக்கம் கரைக்கு வரவில்லை.

அவர் என்னிடம் வந்ததே தூக்கத்துக்காக அல்ல. மகளிர் குழுவின் கணக்கை ஏழு ஆண்டுகளாக ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர், இப்போது ஒரே கட்டு நோட்டை நான்கு முறை எண்ணினால் நான்கு தொகை வருகிறது என்று அழுதார். பையிலிருந்து ரொக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ஒரே தவணை இரண்டு இடத்தில் வரவு வைக்கப்பட்டு, அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. மறதி நோய் வந்துவிட்டதோ என்பதுதான் அவருடைய பயம். அப்போது வெளியே ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது; அவருடைய தலை என் பேச்சின் நடுவிலேயே சட்டென்று சன்னல் பக்கம் திரும்பியது. தொகைகளை மனத்தில் பிடித்துவைத்துக் கூட்டும் வேலையை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை செய்கிறது. மூளையை விழிப்போடு வைக்கும் வேதிப்பொருளான நார்அட்ரினலின் அளவாக இருக்கும்போது அந்தப் பகுதி கூர்மையாக வேலை செய்யும். மிகுந்துவிட்டால் அதன் பிடி தளர்ந்து, சத்தத்தையும் அசைவையும் கண்காணிக்கும் பழைய பகுதிகள் முன்னே வந்துவிடும். அவருக்குக் கவனம் அழிந்துவிடவில்லை. அது முழுவதும் காவலுக்குப் போய்விட்டது. தூக்கக் குறைவும் அதோடு சேர்ந்துகொண்டது. அவருடைய வயதில் இது பெரும்பாலும் மீளக்கூடியது.

தைராய்டு இயல்பாக இருந்தது. ரத்தசோகை சிறிதளவு இருந்ததால் அதற்கு மருந்து கொடுத்தேன். பிறகுதான் வெளியே வந்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்துப் பழக்கிய அல்பிரசோலம் மாத்திரையை அவர் நான்கு மாதங்களாக இரவுதோறும் சாப்பிட்டு வருவது. இது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்து. முதல் சில வாரம் தூங்க வைக்கும், ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும், மறுநாள் நினைவை மங்கச் செய்யும், பிறகு அதே அளவு போதாது என்று கேட்கும். சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். நாங்கள் பத்து வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம்.

அதோடு இரண்டு வாரங்கள் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன். இரவு 9 முதல் காலை 6 வரை ஒன்பது மணி நேரம் படுத்திருந்தார். தூங்கியது ஐந்து மணி நேரம்தான். இவ்வளவு குறைவாகத் தூங்குகிறவரிடம் படுக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று சொன்னால் கோபம்தான் வரும், அவருக்கும் வந்தது. ஆனாலும் இரவு 11:30-க்குப் படுத்து 5:30-க்கு எழ வேண்டும், பகலில் படுக்கக் கூடாது, இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும், மணி பார்க்கக் கூடாது என்று வகுத்தோம். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்கத் தொடங்கிய பிறகு, வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டினோம். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், வண்டியோ படகோ ஓட்டுபவர்களும் இதை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்ய வேண்டாம்.

கைப்பேசிக்கு அவரே வழி கண்டார். படகு ஆழம் போனபின் எப்படியும் அலைபேசித் தொடர்பு கிடையாது. எனவே கரையில் இருக்கும் கொழுந்தனாருக்குச் செய்தி வந்தால் அவர் மட்டும் அழைப்பது, மற்ற எல்லா ஒலிகளையும் அணைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மாலைத் தேநீரையும் 4 மணியோடு நிறுத்தினார். ஏழாவது வாரத்தில், கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளில் ஆறு மணி நேரம் தூங்கினார். கடலுக்குப் போன இரவுகளில் இன்னும் மூன்று, நான்கு மணி நேரம்தான். அதை நான் நோய் என்று எழுதவில்லை. அந்த அச்சத்துக்கு என்னிடம் மருந்தும் இல்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது சிலவே. யாருக்கும் உங்கள் தூக்க மாத்திரையைக் கடன் கொடுக்காதீர்கள். பாசத்தில் செய்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கொடுக்காதீர்கள். தூங்குவதற்காகக் குடிப்பவர்கள், பின்னிரவில் விழிக்க வைப்பதே அந்தக் குடிதான் என்பதை அறிந்துகொள்ளுங்கள். வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாக நீடித்தால், கார்ட்டிசால் பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு வாரத் தூக்கக் குறிப்பையும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் மூன்று மாதம் அல்ல, மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.