ஒரே தட்டில் எதை அழிப்பது? போன் முடிவெடுக்கும் விதம்

மலம்புழைப் பூங்காவில் யட்சி சிலை முன்னால் வேறு ஆளில்லாமல் ஒரு படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்காத காரியம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த அத்தை சிரித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் சிவப்புச் சட்டை போட்ட யாரோ ஒருவர், தோளில் குழந்தையோடு நிற்பார். சரி, அழித்துவிடலாம் என்று போனில் மேஜிக் எரேசரைத் திறந்து அந்தச் சட்டைமேல் தட்டுகிறோம். இப்போது எதை அழிக்கச் சொன்னோம்? சட்டையை மட்டுமா, ஆளையா, ஆளோடு சேர்த்துக் குழந்தையையுமா? தட்டிய புள்ளியில் இதற்கு விடை இல்லை.

பழைய கணினி மென்பொருள்களில் தட்டிய இடத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் பிக்சல்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அந்த வழியில் சட்டை மட்டும்தான் சிக்கும், அதுவும் மடிப்பில் விழும் நிழலை விட்டுவிட்டு. இப்போது கையாளும் முறை வேறு. அதற்கு விவரம் முழுக்க வெளியான நல்ல உதாரணம், படத்தில் நாம் காட்டும் பொருளின் எல்லையை வரைந்து தரும், மெட்டா நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி. அதை வைத்தே பார்ப்போம்.

முதல் வேலை நாம் தட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். படத்தின் நீளமான பக்கம் 1024 பிக்சலாகச் சுருக்கப்படும். பிறகு படம் 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் மற்றக் கட்டங்களோடு ஒப்பிடப்படும். இந்தக் கை அந்தச் சட்டையோடு சேர்ந்ததா, பின்னாலிருக்கும் புல்லோடு சேர்ந்ததா என்பது போன்ற தகவல் கட்டத்துக்கு 256 எண்களாகப் பதிவாகும். கனமான கணக்கு இதுதான். ஒரு படத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பதால், அப்புறம் எத்தனை முறை தட்டினாலும் விடை சட்டென்று வருகிறது.

நாம் தட்டியதும் அந்தப் புள்ளியின் இடமும் ‘இது வேண்டிய பகுதி’ என்ற குறிப்பும் எண்களாக மாறி, அந்த மாதிரிக்குள் இருக்கும் ஒரு சிறிய நரம்பியல் வலைப்பின்னலுக்குப் போகும். அது ஒரு விடையைத் தருவதில்லை, மூன்று தருகிறது. நம் படத்தில் அவை சட்டை, ஆள், குழந்தையைச் சுமக்கும் ஆள் என்று வரலாம். ஒவ்வொன்றோடும் ‘என் எல்லை எவ்வளவு சரியாக இருக்கும்’ என்று அதுவே கணித்த ஒரு மதிப்பெண்ணும் வரும். உதாரணத்துக்குச் சட்டை 0.86, ஆள் 0.93, ஆளும் குழந்தையும் 0.90 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் கூடியதால் ஆள் அழிக்கப்படுவார். குழந்தை அந்தரத்தில் நிற்கும்.

ஏன் மூன்று? இதன் அழகே பயிற்சியில்தான் இருக்கிறது. ஒரே விடை தரச் சொன்னால், சில படங்களில் சட்டை சரி, சில படங்களில் ஆள் சரி என்று கற்று, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் மங்கலான ஒரு எல்லையைப் போட்டுவைக்கும். அதனால் மூன்று விடை வாங்கி, சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதை மட்டும் திருத்தினார்கள். மற்ற இரண்டும் தம் போக்கில் வேறு அளவுகளைப் பிடித்துக்கொண்டன. இன்னொன்றும் உண்டு. பயிற்சிக்குக் கொடுத்த எல்லைகளில் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. குழந்தை, சட்டை என்று அதற்குத் தெரியாது. எது எதோடு ஒட்டி ஒரு பொருளாக நிற்கும் என்பது மட்டுமே தெரியும்.

அதே படத்தில் மேலே ரோப்வே கம்பி ஓடுகிறது. அதைத் தட்டினால் பெரும்பாலும் வானம்தான் பிடிபடும். மூலப்படம் 4000 பிக்சல் அகலம், கம்பி 6 பிக்சல் தடிமன் என்று கொள்வோம். 1024-க்குச் சுருங்கும்போது கம்பி ஒன்றரை பிக்சலாகிவிடும். எது பொருள், எது பின்னணி என்று புள்ளி புள்ளியாகக் காட்டி வெளிவரும் எல்லைப்படமோ 256-க்கு 256 தான். அதில் ஒரு புள்ளி, மூலப்படத்தின் ஏறக்குறைய 16 பிக்சலுக்குச் சமம். கம்பி அதற்குள் தனியாகத் தெரிய இடமே இல்லை. கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால், அதற்கென்றே தனியாகப் பயிற்சி தந்த வேறொரு வலைப்பின்னல் வேண்டும்.

தவறு நடந்தால் அழித்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு விளிம்பு மெலிதாக மிச்சமிருந்தால் எல்லை கொஞ்சம் உள்ளே விழுந்திருக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் அழிப்பதற்கு முன் எல்லையைச் சில பிக்சல் வெளியே தள்ளுவது வழக்கம். ஆள் போய்த் தரையில் நிழல் மட்டும் கிடந்தால் எல்லையில் குறை இல்லை. நிழல் வேறொரு பகுதி என்று அது எடுத்துக்கொண்டிருக்கிறது, அதை விரலால் தேய்த்துத் தனியாகச் சேர்க்க வேண்டும். குழந்தை மிஞ்சினால் குழந்தைமேல் இன்னொரு தட்டு. இரண்டு புள்ளிகள் கிடைத்ததும் சட்டையா ஆளா என்ற குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால், செக்மென்ட் எனிதிங் அப்போது மூன்று விடைகளை விட்டு ஒன்றை மட்டுமே தருகிறது.