இரவு 11 மணி மெசேஜும் பழைய காதலியின் நட்பும்: சந்தேகமாகத் தொனிக்காமல் பேசுவது எப்படி?

கணவரின் கல்லூரிக் காதலி இன்று அவருக்கு நெருங்கிய தோழி. கல்யாணத்துக்கு முன்பே மனைவிக்கு அது தெரியும். ஆனாலும் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் சத்தம் கேட்டு, அவர் சிரித்துக்கொண்டே பதில் போடும்போது மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். தம்பதி ஆலோசனைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் காட்சி இது.

அடக்கி வைத்தது ஒருநாள் "அவகிட்ட அப்படி என்னதான் பேச்சு?" என்று வெடிக்கும். மனைவிக்கு அது கேள்வி, கணவர் காதில் அது குற்றச்சாட்டு. "என்னைச் சந்தேகப்படுறியா?" என்பார். அதோடு மெசேஜ் பேச்சு போய், அவர் யோக்கியரா என்ற வழக்கு தொடங்கிவிடும். உளவியலாளர் ஜான் காட்மன் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதத்தில் முதல் 3 நிமிடங்களே பின்னாளில் யார் பிரிவார்கள் என்பதைப் பெருமளவு காட்டிக்கொடுத்தன.

அதனால் பேசுவதற்கு முன்பே, வலிப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். "அந்த நட்பே பிடிக்கல" என்றால் அவரால் எதையும் மாற்ற முடியாது. பெரும்பாலும் வலிப்பது மூன்றில் ஒன்று: நமக்கான நேரம் போவது, மறைப்பது, நம் வீட்டுச் சண்டை அங்கே போய்ச் சேர்வது. மூன்றாவதை லேசாக விடாதீர்கள். நம்மிடம் சொல்லாத மனக்குறையை அங்கே சொல்லத் தொடங்கினால், நெருக்கம் இடம் மாறுகிறது என்று பொருள்.

நேரம்தான் பிரச்சினை என்றால், மெசேஜ் வரும் அந்த நிமிடத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஞாயிறு காலை காபி வேளை போல இருவரும் நிதானமாக இருக்கும்போது இப்படிச் சொல்லலாம்: "நாம படுத்தப்புறம் நீங்க அவங்களோட சாட் பண்ணும்போது எனக்குத் தனியா விட்ட மாதிரி இருக்குங்க. பத்து மணிக்கு மேல நம்ம ரெண்டு பேருக்கான நேரமா இருந்தா நல்லா இருக்கும். உங்களுக்கு அது சரிப்படுமா?"

இதில் நடந்தது ஒன்று, உங்கள் மனநிலை ஒன்று, கேட்பது ஒன்று. "எப்பவும்" இல்லை, "ஏன்" இல்லை. தோழியை "அவங்க" என்றே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். "உங்க பழைய ஆளு" என்று ஒரு வார்த்தை விழுந்தால் மற்ற எல்லாமே வீண். அவர் "பத்தரைன்னா முடியும்" என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், அவரும் சேர்ந்து வைத்த எல்லைதான் நிற்கும்.

பேச்சு சூடாகி நெஞ்சு படபடத்தால் குறைந்தது 20 நிமிடம் நிறுத்துங்கள். எப்போது தொடர்வோம் என்பதையும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போனதாகவே தோன்றும்.

போன் லாக்கை மட்டும் கேட்க வேண்டாம். அன்றிலிருந்து நீங்கள் காவல்காரர், அவர் கைதி. தினமும் சோதித்துப் பார்த்துத்தான் காக்க வேண்டும் என்றால் அது எல்லையே இல்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். இரவுப் பேச்சு நின்றும், சாட் அழிக்கப்படுவதோ சொல்லாமல் சந்திப்பதோ தெரியவந்தால், இனிப் பேச வேண்டியது நேரத்தைப் பற்றி அல்ல, மறைப்பதைப் பற்றி. அதை நேராகவே கேளுங்கள், முடிந்தால் ஒரு தம்பதி ஆலோசகர் முன்னிலையில்.