மின்னோட்டப் பயனுறுதிறன்: ஒரு கிலோ அலுமினியத்துக்கு எத்தனை யூனிட்?

அலுமினிய உருக்காலைகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘கரண்ட் எபிஷியன்சி’. 94 சதவீதம், 95 சதவீதம் என்று அதைச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, கொடுக்கும் மின்சாரத்தில் ஐந்தாறு சதவீதம்தான் வீணாகிறது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. உண்மையில் அங்கே செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதற்கான விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘கரண்ட்’ என்பதன் வேர், ஓடுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. தமிழ் ‘மின்னோட்டம்’ அதே பொருளை அப்படியே பிடித்துக்கொண்டது. ‘எபிஷியன்சி’யும் லத்தீன்தான், செய்து முடித்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. தமிழில் சிக்கல் இந்த இரண்டாவது பாதியில்தான். பலர் ‘மின்னோட்டத் திறன்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம் பள்ளிப் பாடநூல்களில் ‘திறன்’ என்றால் வாட்டில் அளக்கும் அளவு. அதனால் ‘மின்னோட்டத் திறன்’ என்று படிக்கும் மாணவர் வேறு எதையோ நினைப்பார். செய்து முடித்த வேலைக்கும் செலவுக்கும் உள்ள விகிதத்துக்குப் ‘பயனுறுதிறன்’ என்ற சொல் ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. ஆகவே ‘மின்னோட்டப் பயனுறுதிறன்’ என்பதே பொருத்தம். இலங்கையில் வாட்டில் அளப்பதை ‘வலு’ என்றும், இந்த விகிதத்தை ‘வினைத்திறன்’ என்றும் சொல்வதால் அங்கே இந்தக் குழப்பமே இல்லை.

இனி சொல் குறிக்கும் பொருளுக்கு வருவோம். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த முறைதான் இன்றும் நடக்கிறது. சுமார் 960 டிகிரி செல்சியஸில் உருகிய கிரையோலைட் என்ற உப்பில், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினாவைக் கரைத்து, கார்பன் நேர்மின்வாய் வழியாக நேர்மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். அலுமினியம் உருகி அடியில் தேங்கும். ஆக்சிஜன் கார்பனோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக வெளியேறும். ஆலைக்காரர்கள் இந்தத் தொட்டியைப் ‘பாட்’ என்பார்கள்.

ஓர் அலுமினிய அணு உருவாக மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும். ஒரு கிலோவில் 37.06 மோல் அலுமினியம் இருக்கிறது. அப்படியானால் 111.2 மோல் எலக்ட்ரான். ஒரு மோலுக்கு 96,485 கூலும் என்ற ஃபாரடே மாறிலியால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரு கோடியே ஏழு லட்சம் கூலும் வரும். அதை 3,600-ஆல் வகுத்தால் 2,980 ஆம்பியர்-மணி. எந்த நாட்டு ஆலையானாலும், எவ்வளவு நல்ல தொட்டியானாலும், இந்த எண்ணுக்குக் கீழே போக முடியாது.

ஒடிஷாவின் அங்குலில் உள்ள நால்கோ ஆலை, 180 கிலோ ஆம்பியர் தொட்டிகளோடு தொடங்கியது. அந்த அளவு மின்னோட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 4,320 கிலோ ஆம்பியர்-மணி. கணக்குப்படி 1,450 கிலோ உலோகம் வர வேண்டும். 94 சதவீதப் பயனுறுதிறனில் கையில் கிடைப்பது 1,363 கிலோ. கிடைத்ததற்கும் கிடைத்திருக்க வேண்டியதற்கும் உள்ள இந்த விகிதத்தைத்தான் மின்னோட்டப் பயனுறுதிறன் என்கிறோம்.

குறைந்த 87 கிலோ எங்கே போனது? மின்னோட்டம் எங்கும் தொலையவில்லை. தொட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் நுழைந்த அதே ஆம்பியர்தான் அடுத்ததற்கும் போகிறது. உருவான அலுமினியத்தில் கொஞ்சம் திரும்பவும் கிரையோலைட்டில் கரைகிறது. மேலே எழும் கார்பன் டைஆக்சைடு குமிழிகள் அதைச் சந்தித்து மறுபடி அலுமினாவாக்கிவிடுகின்றன. அந்த வாயு கார்பன் மோனாக்சைடாகிறது. ஆகவே இழந்தது ஓட்டத்தை அல்ல, செய்து முடித்த உலோகத்தை. ‘மின்னோட்ட இழப்பு’ என்று சிலர் எழுதுவது அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. தொட்டியின் வாயுவில் கார்பன் மோனாக்சைடு கூடுவது இந்தப் பின்வினை பெருகியிருப்பதற்கு ஓர் அடையாளம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எடுத்த உலோகத்தை எடைபோட்டுப் பல மாத ஆம்பியர்-மணியோடு ஒப்பிட வேண்டும். தொட்டியின் அடியில் எப்போதும் பல டன் உலோகம் தேங்கியே இருக்கும். இன்று கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சி எடுத்தாலே ஒரு நாள் கணக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இதுவரை வோல்ட் என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்னோட்டப் பயனுறுதிறனுக்கு மின்னழுத்தம் தெரியாது; மின்கட்டணத்துக்குத் தெரியும். நம் வீட்டு ‘யூனிட்’ என்பது கிலோவாட்-மணி. ஒரு கிலோவுக்கான நேர்மின் செலவு:

```
E = 2.980 × V / η
```

இங்கே V தொட்டியின் வோல்ட், η மின்னோட்டப் பயனுறுதிறன். 4.2 வோல்ட், 0.94 என்று வைத்தால் 13.3 யூனிட். வேதிவினைக்கும் பொருள்களைச் சூடாக்கவும் கொள்கையளவில் 6 யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். ஆக, ஆற்றல் பயனுறுதிறன் பாதியைக்கூட எட்டவில்லை.

மிச்சம் எல்லாம் வோல்ட்டில் ஒளிந்திருக்கிறது. கார்பன் நேர்மின்வாயோடு அலுமினாவைப் பிரிக்க சுமார் 1.2 வோல்ட் போதும். பரப்பில் வினை தடையின்றி நடக்கக் கூடுதலாக அரை வோல்ட் போல வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் கார்பனையும் கம்பிகளையும், முக்கியமாக நேர்மின்வாய்க்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள நாலைந்து சென்டிமீட்டர் கிரையோலைட்டையும் கடக்கச் செலவாகிறது. ஆனால் அந்த வெப்பம் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. தொட்டி உறையாமல் இருப்பதே அதனால்தான்.

அப்படியானால் நேர்மின்வாயைக் கொஞ்சம் கீழே இறக்கி வோல்ட்டைக் குறைக்கலாமே? செய்கிறார்கள். 4.2-ஐ 4.1 ஆக்கினால், பயனுறுதிறன் மாறாதவரை கிலோவுக்கு 0.3 யூனிட் மிச்சம். ஆனால் பெரும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் உருகிய உலோகத்தில் அலை எழுப்பும். இடைவெளி குறையக் குறைய அந்த அலை வாயுக் குமிழிகளை நெருங்கும், பின்வினை கூடும். 94 என்பது 91 ஆக இறங்கினால் செலவு 13.4 யூனிட், வோல்ட்டைக் குறைத்தும் செலவு ஏறிவிட்டது. இந்தக் கணக்கில் 91.8 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் இறக்கியதில் ஆதாயம். தொட்டியின் வோல்ட் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கி ஆடத் தொடங்கினால் உலோகத்தில் அலை கிளம்பிவிட்டது என்று பொருள். நேர்மின்வாயை மறுபடி கொஞ்சம் உயர்த்துவார்கள்.

வோல்ட் திடீரென்று இருபது, முப்பது என்று பாய்ந்தால் அது வேறு நோய். கரைந்த அலுமினா ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் குறைந்து, நேர்மின்வாயின் அடியை வாயுப்படலம் மூடிக்கொள்கிறது. இதை ‘ஆனோடு எஃபெக்ட்’ என்பார்கள். தமிழில் நேர்மின்வாய் விளைவு. அந்தச் சில நிமிடங்களில் யூனிட் பல மடங்கு ஓடும், கூடவே பசுமைக்குடில் வாயுவான கார்பன் டெட்ராஃபுளோரைடும் கிளம்பும். மருந்து, அலுமினா சேர்த்து அந்தப் படலத்தைக் கலைப்பதுதான். பழைய ஆலைகளில் ஈரமான பச்சை மரக்கழியைத் தொட்டிக்குள் செருகிக் கலைப்பார்கள்.

இந்தச் சொல்லோடு யூனிட் கணக்கையும் எழுதும்போது, அது நேர்மின்னா மாறுமின்னா என்று சேர்த்துக் குறிப்பிட வேண்டும். மேலே சொன்ன 13.3 தொட்டியின் முனையில் அளந்தது. மாறுமின்னை நேர்மின்னாக்கும் திருத்தியின் இழப்பையும், ஆலையின் விசிறி, பம்பு போன்றவற்றையும் சேர்த்தால் 14-ஐ ஒட்டி வரும். உலகச் சராசரி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்.